சீட்டில் எஸ்.ஓ.எஸ். என்று இருந்தால் எத்தனை மாத்திரை?

குடியாத்தம் மருந்தாளுநர்:
கவுன்டருக்கு இந்த வாரம் வந்த ஒரு சீட்டு. காய்ச்சலும் சளியும், மூன்று நாளுக்கு மருந்து.

```
T. Paracetamol 650    1 SOS
T. Paracetamol 500 + Phenylephrine + CPM    1 TDS
```

டி.டி.எஸ். என்றால் நாளுக்கு மூன்று வேளை. எஸ்.ஓ.எஸ். என்றால் தேவைப்பட்டால் மட்டும். வெளிநாட்டுச் சீட்டில் இதையே பி.ஆர்.என். என்று எழுதுவார்கள். இரண்டு வரியிலும் இருப்பது பாராசிட்டமால்தான். சளி மாத்திரையின் அட்டையைத் திருப்பிப் பார்க்காதவருக்கு அது தெரியாது.

கணக்குப் போடுங்கள். சளி மாத்திரை மூன்று வேளைக்கு 1500 மில்லிகிராம். காய்ச்சல் விடவில்லை என்று 650-ஐ நாலு தடவை போட்டால் 2600. மொத்தம் 4100. பெரியவர்களுக்கே நாளுக்கு 4000-ஐத் தாண்டக் கூடாது. மெலிந்த உடம்பு, குடிப்பழக்கம், கல்லீரல் கோளாறு என்றால் வரம்பு இன்னும் கீழே. நோயாளி சீட்டை மீறவே இல்லை, ஆனாலும் தாண்டிவிட்டார். எப்போது போடலாம் என்பதைத்தான் எஸ்.ஓ.எஸ். சொல்கிறது. அதிகபட்சம் எத்தனை என்பதைச் சொல்வதில்லை.

ஆம்பூர் ஷிப்ட்:
அண்ணே, எஸ்.ஓ.எஸ். என்றால் கப்பல் மூழ்கும்போது கொடுக்கிற சைகைதானே? அப்போ உயிர் போகிற மாதிரி இருந்தால்தான் போடணும். எங்கள் கம்பெனியில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

குடியாத்தம் மருந்தாளுநர்:
தினமும் போட வேண்டியதில்லை என்கிற வரைக்கும் சரி தம்பி. ஆனால் எழுத்து ஒன்றாக இருந்தாலும் கப்பலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. லத்தீனில் 'சி ஓபுஸ் சித்', அதாவது அவசியமானால். நீங்கள் சொல்கிற அர்த்தத்தை நம்பிப் பல்லைக் கடித்துக்கொண்டு 103 டிகிரியோடு படுத்துக் கிடப்பவர்களும் உண்டு.

வாலாஜா நர்ஸ்:
அந்த வரிக்குப் பக்கத்தில் மூன்று விஷயம் எழுதி வாங்க வேண்டும்: எதற்கு, எவ்வளவு இடைவெளி, நாளுக்கு எத்தனை வரை. மேலே உள்ள சீட்டுக்கே, '100 டிகிரிக்கு மேல் போனால், 4 மணி நேர இடைவெளி, மூன்றுக்கு மேல் வேண்டாம்' என்று டாக்டர் எழுதியிருந்தால் 1950-ம் 1500-ம் சேர்ந்து 3450-இல் நின்றிருக்கும். சளி மாத்திரையைப் போட்ட கையோடு 650-ஐயும் போடக் கூடாது. அந்த 4 மணி நேரம் இரண்டுக்கும் சேர்த்துத்தான்.

காட்பாடி ரயிலடி:
என் கேள்விக்கும் யாராவது பதில் சொல்லுங்கள். அப்பாவின் கண்ணாடிச் சீட்டில் ஓ.டி. என்று போட்டிருக்கிறது. கண்ணாடியை நாளுக்கு ஒரு தடவைதான் போடணுமா?

வாலாஜா நர்ஸ்:
அது வலது கண், சார். ஓ.எஸ். என்று இன்னொரு வரி இருக்கும், அது இடது கண். நம்மூர் மாத்திரைச் சீட்டில் ஓ.டி. என்றால் நாளுக்கு ஒரு வேளை. சொட்டு மருந்துச் சீட்டில் வெறும் ஓ.டி. இருந்தால் எந்த அர்த்தம் என்று கேட்காமல் பாட்டிலைத் திறக்காதீர்கள்.

ஆம்பூர் ஷிப்ட்:
நைட் ஷிப்ட் ஆளுக்கு பி.டி. எப்படிக்கா? காலை டிபனுக்கும் ராத்திரி சாப்பாட்டுக்கும் அப்புறம்தானே?

வாலாஜா நர்ஸ்:
பி.டி., பி.ஐ.டி. இரண்டும் ஒன்றுதான், நாளுக்கு இரண்டு தடவை. சாப்பாட்டைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. ஏ.சி. என்றால் சாப்பாட்டுக்கு முன், பி.சி. என்றால் பின். சாதாரணமாக ஏறக்குறைய 12 மணி நேர இடைவெளி பார்க்கணும். சாயங்காலம் 4 மணிக்கு எழுந்திருப்பவர் 5 மணிக்கும் விடிகாலை 5 மணிக்கும் போடலாம். தூக்கம் வரும் மாத்திரை, பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை என்றால் நீங்களாக மாற்றாமல் டாக்டரிடம் ஷிப்ட் நேரத்தைச் சொல்லுங்கள்.

குடியாத்தம் மருந்தாளுநர்:
க்யூ.ஐ.டி.தான் எனக்குத் தலைவலி. நாலு வேளை. 1-0-1 பார்த்துப் பழகிய கண்ணுக்கு நாலாவது வேளை எங்கே என்று புரியாது. காலை, மதியம், ராத்திரியோடு நிறுத்திவிடுவார்கள். ஐந்து நாளுக்கு 20 மாத்திரை. ஆறாம் நாள் காலையில் அட்டையில் ஐந்து மிச்சம் இருந்தால் அதுதான் நடந்திருக்கிறது என்று அர்த்தம். கவரில் 6, 12, 6, 12 என்று மணியாகவே எழுதிவிடுவேன்.

வாலாஜா நர்ஸ்:
எல்லாவற்றுக்கும் ராத்திரி 12 மணிக்கு எழுப்பணுமா அண்ணே? 6 மணி நேரத்துக்கு ஒருமுறை கட்டாயம் என்றால் க்யூ 6 எச் என்று எழுதுவார்களே. கண் சொட்டு மருந்துக்கு க்யூ.ஐ.டி. என்றால் 7, 12, 5, 10 போதும் என்றுதான் பெரும்பாலும் சொல்கிறோம்.

குடியாத்தம் மருந்தாளுநர்:
சொட்டுக்குச் சரி. ஆன்டிபயாட்டிக்குக்கு அந்த 9 மணி நேர ராத்திரி இடைவெளியை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

வாலாஜா நர்ஸ்:
எழுதிய டாக்டரிடம் கேட்டால் பாதிப் பேர் உங்கள் பக்கம், பாதிப் பேர் என் பக்கம்.

காட்பாடி ரயிலடி:
அப்பாவின் சீட்டில் ஓ.யு. என்றும் ஒன்று இருக்கிறதே?

வாலாஜா நர்ஸ்:
இரண்டு கண்ணும், சார்.