"முதலில் என்ன செய்வீர்கள்?" கேள்வியில் மட்டும் மாட்டிக்கொள்கிறேன், உதவுங்கள்

நர்சிங் நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிறேன். அடிப்படை நர்சிங்கில் நேரடிக் கேள்வி என்றால் பிரச்சினை இல்லை. நான்கு விடையும் சரி மாதிரியே இருந்து, "செவிலியர் முதலில் செய்ய வேண்டியது எது?" என்று கேட்டால்தான் கோட்டை விடுகிறேன்.

நேற்று வந்தது இது: ரத்தம் ஏற்றத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் நோயாளிக்குக் குளிர் நடுக்கம், இடுப்பு வலி. எப்போதும் முதலில் மதிப்பீடு என்று மனப்பாடம் செய்திருந்ததால் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் பார்ப்பேன் என்று டிக் அடித்தேன். தப்பு. ரத்தம் ஏற்றுவதை உடனே நிறுத்த வேண்டுமாம், அப்புறம்தான் புது ட்யூபில் நார்மல் சலைன், டாக்டருக்குத் தகவல் எல்லாம். யோசித்தால் சரிதான், நான் பிபி பார்க்கும் நேரத்திலும் அந்த ரத்தம் உள்ளே போய்க்கொண்டுதானே இருக்கும்.

ஆனால் அடுத்த கேள்வியிலேயே, அறுவை சிகிச்சை முடிந்தவர் வலிக்கிறது என்கிறார், அதற்கு மாத்திரை கொடுப்பது தப்பு, வலி எங்கே, எவ்வளவு என்று கேட்பதுதான் விடை! கேள்வியிலேயே ஆபத்தான அறிகுறி தெரிந்துவிட்டால் செயல், தகவல் போதாவிட்டால் மதிப்பீடு என்று நானாக ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். இது எங்கெல்லாம் உதைக்கும்? தேர்வு எழுதியவர்கள் இரண்டு மூன்று உதாரணத்தோடு சொல்லுங்களேன்.