மார்ச் 31 அன்று பாதி தைத்துக் கிடக்கும் பீஸுக்கு என்ன விலை போடுகிறீர்கள்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பனியன் கணக்கு

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். நூலை நாங்களே வாங்கி நிட்டிங்குக்கும் டையிங்குக்கும் வெளியே கொடுக்கிறோம், கட்டிங்கில் இருந்து பேக்கிங் வரை உள்ளேயே. இந்த வருடக் கடைசியில் ஸ்டாக் மதிப்புப் போடும்போது நடந்ததை எழுதுகிறேன், உங்கள் இடத்தில் எப்படி என்று சொல்லுங்கள்.

ஒரு லாட்டை எடுத்துக்கொள்வோம். நூல் 1,000 கிலோ, கிலோ 250 ரூபாய், ஆக இரண்டரை லட்சம். நிட்டிங் கூலி 15,000. நிட்டிங்கில் பத்து கிலோ போய் 990 கிலோ துணி டையிங்குக்குப் போனது, அங்கே காம்பாக்டிங்கும் சேர்த்து கிலோவுக்கு 100 ரூபாய், 99,000. பயோவாஷ் போட்டதால் எடை இழப்பு கொஞ்சம் அதிகம், திரும்பி வந்தது 910 கிலோ. மொத்தச் செலவு 3,64,000, அதை 910 கிலோ மேல் போட்டால் துணி கிலோ 400 ரூபாய். பீஸுக்கு 200 கிராம் என்று 4,550 பீஸ் வெட்டினோம், ஆக ஒரு பீஸில் துணி 80 ரூபாய். கட்டிங் வேஸ்ட் விற்ற காசைத் துணி விலையில் கழிப்போம், பீஸுக்கு ஒரு ரூபாய் சொச்சம்தான் வரும், இங்கே அதை விட்டுவிடுகிறேன். லேபிள், நூல்கண்டு, பாலிபேக் எல்லாம் 6 ரூபாய். கூலி என்று பார்த்தால் கட்டிங் 2, தையல் 14, செக்கிங்-அயனிங்-பேக்கிங் 4, ஆக 20.

இதுவரை யாருக்கும் சண்டை இல்லை. சண்டை ஓவர்ஹெட்டில். வாடகை, சூப்பர்வைசர் சம்பளம், மெஷின் தேய்மானம், கரண்ட் பில்லில் நிலையான பகுதி எல்லாம் சேர்ந்து மாதம் 3 லட்சம். சாதாரண மாதத்தில் 30,000 பீஸ் போகும், அப்போது பீஸுக்கு 10 ரூபாய். மார்ச்சில் ஆர்டர் இல்லை, 12,000தான் ஓடியது. எனக்கு முன்னால் இருந்தவர்கள் போட்டு வந்த முறைப்படி 3 லட்சத்தை 12,000 மேல் போட்டால் பீஸுக்கு 25. அப்படியானால் ஒரு பீஸ் அடக்கம் 131, இல்லாவிட்டால் 116. மார்ச்சில் தைத்ததில் 8,000 பீஸ் குடோனில் நிற்கிறது, ஆக வித்தியாசம் 1,20,000 ரூபாய், அது அப்படியே லாபமாகத் தெரிகிறது. வேலை இல்லாத மாதத்தில் லாபம் ஏறுகிறது! ஆடிட்டர் ஒத்துக்கொள்ளவில்லை, முதலாளிக்கோ 131தான் பிடித்திருக்கிறது.

ஓவர்லாக் ஓனர்

நான் சொந்தமாகப் பவர்டேபிள் வைத்திருக்கிறேன். இதில் என்ன குழப்பம் என்று புரியவில்லை. செலவு செய்தது 3 லட்சம், பீஸ் வந்தது 12,000, வகுத்தால் 25. செலவு உண்மைதானே, யாரும் பொய்யாக எழுதவில்லையே. மார்ச்சில் கூடுதலாக ஏறினால் ஏப்ரலில் விற்கும்போது தானே இறங்கிவிடும்.

ஓய்வுபெற்ற காஸ்டிங்

ஏப்ரலில் இறங்கும் என்பது சரி, அதனால்தான் பாதிப் பேர் இதைக் கண்டுகொள்வதில்லை. ஆனால் இந்த வருட நஷ்டத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளுகிறீர்கள். அந்த 3 லட்சத்தில் 12,000 பீஸுக்கு 10 வீதம் 1,20,000 ரூபாய்தான் சரக்கில் ஏற வேண்டியது. மீதி 1,80,000 மெஷின் சும்மா நின்றதன் செலவு, அது எந்தப் பனியனிலும் ஒட்டிக்கொள்ளவில்லை, நேராக அந்த வருட லாப நஷ்டக் கணக்குக்குப் போக வேண்டும். அக்கவுண்டிங் ஸ்டாண்டர்டு 2 நிலையான ஓவர்ஹெட்டைச் சாதாரண உற்பத்தித் திறன் அடிப்படையில்தான் ஏற்றச் சொல்கிறது. நாங்கள் பார்ட்னர்ஷிப், எங்களுக்கு அதெல்லாம் இல்லை என்பார்கள். வருமான வரிக்கு ஐசிடிஎஸ் 2 இருக்கிறது, அதிலும் இதே விதிதான்.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். தீபாவளி சீசனில் 40,000 பீஸ் ஓடினால் அப்போதும் 10 ரூபாயே போடக் கூடாது, 4 லட்சம் ஏறிவிடும், செலவோ 3 லட்சம்தான். அந்த மாதம் ஏழரை. குறைந்தால் ரேட்டை ஏற்றக் கூடாது, கூடினால் இறக்க வேண்டும்.

முதலாளிக்கு 131 ஏன் பிடிக்கிறது என்று நான் சொல்லட்டுமா? பேங்குக்கு மாதாமாதம் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் போகிறது இல்லையா, அதை வைத்துத்தானே சிசி லிமிட்டில் எவ்வளவு எடுக்கலாம் என்று முடிவாகிறது.

பனியன் கணக்கு

சார், கடைசி வரியை எங்கள் முதலாளியிடம் காட்ட முடியாது. ஆனால் அதேதான்.

மெர்ச்சண்டைசர் மணி

எங்கள் ஆபீஸில் இதைவிடச் சுலபம். துணி, கூலி, ஓவர்ஹெட், ஏஜென்ட் கமிஷன், தூத்துக்குடி வரை லாரி வாடகை, மேலே 8 சதவீதம் லாபம், அதை டாலரில் மாற்றி பையருக்கு அனுப்பிவிடுவோம். அந்த ஷீட்டையே அக்கவுண்ட்ஸுக்குக் கொடுத்தால் அவர்கள் ஸ்டாக்குக்கும் அதையே போட்டுக்கொள்ளலாமே?

பனியன் கணக்கு

அது பையருக்குச் சொல்கிற விலை மணி, நான் கேட்பது குடோனில் கிடக்கிற சரக்கின் அடக்கம். கமிஷனும் துறைமுகம் வரை லாரியும் விற்கும் செலவு, லாபம் இன்னும் வரவே இல்லை, இது எதுவும் ஸ்டாக்கில் ஏறாது. உங்கள் அக்கவுண்ட்ஸில் உண்மையிலேயே அந்த ஷீட்டைப் போடுகிறார்களா என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள், போட்டால் வம்பு.

லைன் சூப்பர்வைசர்

தலைப்பில் கேட்ட கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே, பாதி தைத்த பீஸ்?

பனியன் கணக்கு

ஆமாம், அது விட்டுப்போச்சு. 31ஆம் தேதி லைனில் 3,000 பீஸ் நின்றது. ஓவர்லாக் முடிந்து பேட்லாக் பாக்கி. துணி முழுதாக ஏறிவிட்டது, 80. கட்டிங்கும் முடிந்தது, 2. தையலில் பாதி என்று எடுத்து 7, ஓவர்ஹெட்டும் அதேபோல் பாதி, 5. ஆக 94. லேபிளும் பாலிபேக்கும் இன்னும் போகவில்லை, அவை ஸ்டோரில் பொருளாகவே இருக்கின்றன. முன்பெல்லாம் லைனில் உள்ளதைத் துணி விலைக்கு மட்டும் எடுத்துக்கொள்வார்களாம்.

லைன் சூப்பர்வைசர்

பாதி என்று யார் சொன்னது? பண்டல் பண்டலாகப் பார்த்தால் சிலது தோள் மட்டும் மூட்டியிருக்கும், சிலது கை மடித்துத் தயாராக இருக்கும். நாங்கள் ஆபரேஷன் வாரியாக எண்ணி ஒரு தாளில் எழுதிக் கொடுப்போம். அப்புறம் ஒரு விஷயம், கான்ட்ராக்டர் பில் சனிக்கிழமைதான் வரும். மார்ச் கடைசி நாட்களில் தைத்ததற்குப் பில் ஏப்ரல் முதல் சனிக்கிழமை. பீஸ் இங்கே தைத்து நிற்கும், கூலி புத்தகத்தில் இருக்காது. எங்கள் கம்பெனியில் ஒரு வருடம் இது பெரிய தகராறு ஆனது.

ஓய்வுபெற்ற காஸ்டிங்

அவர் சொல்வது ரொம்ப முக்கியம். பீஸுக்கு 7 ரூபாய் கூலி ஸ்டாக்கில் ஏற்றிவிட்டு அந்தக் கூலியைக் கொடுக்க வேண்டிய பாக்கியாக எழுதாமல் விட்டால், செலவில்லாமல் ஸ்டாக் வந்த மாதிரி ஆகிவிடும், அத்தனையும் பொய் லாபம். கான்ட்ராக்டர் தைத்துக் கொடுத்த எண்ணிக்கையையும் மார்ச் வரை வந்த பில் எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் உடனே தெரியும்.

அதேபோல் கட்டிங் ரிப்போர்ட்டையும் பாருங்கள். 910 கிலோ கொடுத்தால் 4,550 பீஸ் வர வேண்டும். 4,300 வந்தால் 50 கிலோ துணி, அதாவது 20,000 ரூபாய், எங்கே? ஷேட் மாறி ஒதுக்கியதா, மாஸ்டர் மார்க்கர் தப்பா, வெளியே போனதா. வழக்கமான வேஸ்ட்டை நல்ல பீஸ் மேல் போடலாம், இந்த 20,000 ரூபாயைப் போடக் கூடாது, அந்த வருட நஷ்டம்தான்.

டேலி தம்பி

அண்ணா ஒரு சந்தேகம். நாங்கள் டேலியில் BoM போட்டு Manufacturing Journal எழுதுகிறோம், அதில் கீழே கூலியையும் ஓவர்ஹெட்டையும் கூடுதல் செலவாகக் கொடுக்கிறோம். எங்கள் சீனியர் அது லெட்ஜரில் ஏறவில்லை என்று மாதக் கடைசியில் தனியாக ஒரு ஜர்னல் போட்டு, கூலியை கிரெடிட் செய்து, 'நடப்பு வேலை' என்று ஒரு லெட்ஜரை டெபிட் செய்கிறார். பேலன்ஸ் ஷீட்டில் ஸ்டாக்கும் இருக்கிறது, அந்த லெட்ஜரும் இருக்கிறது. இது சரியா?

பனியன் கணக்கு

சரியில்லை தம்பி, ஒரே கூலி இரண்டு தடவை சொத்தாகிறது. அந்த வவுச்சர் ஸ்டாக்கின் விலையை மட்டும்தான் மாற்றும், கூலி லெட்ஜர் செலவில் அப்படியே இருக்கும், இருக்கட்டும். முடிவு ஸ்டாக் மதிப்பில் அந்தக் கூலியின் பங்கு ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது, லாப நஷ்டக் கணக்கில் மறுபக்கம் அது தானாக வரும். தனி ஜர்னலை எடுத்துவிடச் சொல்லுங்கள். போன வருடக் கணக்கிலும் அப்படி இருந்தால் ஆடிட்டரிடம் போகாமல் கை வைக்காதீர்கள்.

பவுண்டரிக்காரன்

கோவையில் வார்ப்படம். இங்கே ஸ்டாக் எடுப்பதே வேறு கதை, ரன்னர், ரைசர் எல்லாம் திரும்ப உருக்குக்குள் போகிறது, அதற்கு எந்த விலை என்று இன்றுவரை இரண்டு பேர் ஒரே பதில் சொன்னதில்லை. நாங்கள் ஸ்கிராப் விலையில் வரவு வைக்கிறோம். உருக்கிய கரண்ட் செலவை அதில் ஏற்றக் கூடாது என்று மட்டும் தெரியும். பனியனில் உங்களுக்கு இந்தத் தலைவலி இல்லை, கொடுத்து வைத்தவர்கள்.

டையிங் கணக்கு

எங்களிடம் வேறு தலைவலி. 31ஆம் தேதி எங்கள் ஷெட்டில் பத்துப் பதினைந்து பார்ட்டியின் துணி கிடக்கும். உறுதிக் கடிதம் கேட்டு அனுப்புபவர்கள் இரண்டு பேர்தான். மற்றவர்கள் துணி அவர்கள் ஸ்டாக்கில் இருக்கிறதா இல்லையா என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். டெலிவரி சலானில் எங்களுக்கு அனுப்பியதும் குடோன் கணக்கில் இருந்து கழித்துவிடுகிறார்கள், நூல் வாங்கிய செலவு மட்டும் நிற்கும். ஓவர்ஹெட்டுக்கு இவ்வளவு பேசுகிறீர்கள், ஒரு பார்ட்டிக்கு நாலு டன் துணி கணக்கிலேயே இல்லாமல் இருந்தது.

பனியன் கணக்கு

இன்றே எங்கள் ஜாப் ஒர்க் சலான்களை எடுத்துப் பார்க்கிறேன். ஜாப் ஒர்க்குக்கு அனுப்பியதை ஜிஎஸ்டியில் காட்டும் ITC-04 போட்டவரே சலான்களைத் தனி ஃபைலில் வைத்திருக்கிறார், ஸ்டாக் எடுத்தவர் அவற்றைப் பார்த்திருக்கவே மாட்டார்.

ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. சாதாரண மாதத்துக்கு 30,000 என்று நான் எடுத்தேன். மெஷினை வைத்துப் பார்த்தால் 40,000 முடியும், ஆனால் ஹோலிக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பி வரவே ஒரு மாதம் ஆகிறது. ஆடிட்டர் மூன்று வருடச் சராசரி கேட்கிறார், அதில் பூட்டிக் கிடந்த மாதங்களும் ஆர்டர் இல்லாத மாதங்களும் இருந்தால் எண்ணிக்கை 24,000க்கு இறங்கி பீஸுக்கு 12.50 ஆகிறது.

ஓய்வுபெற்ற காஸ்டிங்

ஹோலி ஒவ்வொரு வருடமும் வருகிறது, அதைச் சராசரியில் வைத்துக்கொள்ளுங்கள். பூட்டிக் கிடந்த மாதங்களை எடுத்துவிடுங்கள். ஆனால் ஆர்டர் இல்லாத மாதத்தை எடுப்பதா வேண்டாமா என்பதில் எனக்கும் உங்கள் ஆடிட்டருக்கும் ஒத்துப்போகாது போல.

ஓவர்லாக் ஓனர்

எனக்கு இன்னும் 25தான்.