பேப்பர் கொடுக்கும்போது வாத்தியார் அடிக்கும் நக்கல்: உங்கள் அனுபவம் என்ன?

தாமிரபரணி: பத்தாம் வகுப்புக் கணக்கு சார் பேப்பர் கொடுத்தாலே வகுப்பு கலகலப்பாகிவிடும். x² − 5x + 6 = 0-க்கு நான் −2, −3 என்று எழுதியிருந்தேன். "மைனஸுக்கு உன்மேல அவ்வளவு பாசமாடா? விட்டுப் பிரியவே மாட்டேங்குது" என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தத் தப்பை அப்புறம் செய்யவில்லை. அடுத்த பேப்பர் என் பக்கத்து பெஞ்சுக்காரனுக்கு. அதே தப்புதான். "உங்கப்பா இட்லிக் கடையிலயும் இப்படித்தான் மிச்சக் காசு கொடுக்கிறாரா?" என்றார். வகுப்பு அதே மாதிரி சிரித்தது, அவனும் சிரித்தான். ஆனால் இடைவேளைக்குள் அவன் பெயர் 'இட்லி' ஆகிவிட்டது. பள்ளி முடியும்வரை போகவில்லை.

கொங்கு வாசகன்: எங்களுக்கெல்லாம் பிரம்படிதான். நக்கலோடு விட்டார் என்றால் நல்ல வாத்தியார் என்றுதான் சொல்வேன்.

ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர்: அடி தழும்போடு ஆறிவிடும் தம்பி. பட்டப்பெயரை மற்ற பிள்ளைகள் தினமும் கூப்பிடுவார்கள். தாமிரபரணி சொன்ன இரண்டிலும் தப்பு ஒன்றுதான். முதல் கேலி மைனஸ் குறியோடு நின்றது, குறியை மாற்றினால் கேலியும் முடிந்தது. அப்பாவின் கடையைப் பையன் எப்படி மாற்றுவான்? சிரிப்பை வைத்து எடை போடாதீர்கள். கேலியில் அடிபட்ட பிள்ளைதான் முதலில் சிரிக்கும், வேறு வழி கிடையாது. நான் விடைத்தாளைத்தான் பார்ப்பேன். தப்பாகவாவது எழுதிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று வெற்றிடமாக விட ஆரம்பித்தால், தப்பு செய்யப் பயப்படுகிறது என்று அர்த்தம். சந்தேகம் கேட்பதும் நின்றிருக்கும்.

சட்டம் தெரிந்தவன்: கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17 மனரீதியான துன்புறுத்தலைத் தடை செய்கிறது. எந்த வகுப்பாக இருந்தாலும் இதை வைத்துப் புகார் கொடுக்கலாம்.

ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர்: எந்த வகுப்பாக இருந்தாலும் இல்லை. அந்தச் சட்டம் 6 முதல் 14 வயதுவரை, எட்டாம் வகுப்புவரைதான். பத்தாம் வகுப்புப் பையனுக்கு அது நேரடியாகப் பொருந்தாது. ஆனால் குழந்தை உரிமை ஆணையத்தின் வழிகாட்டுதல், பெற்றோரின் தொழிலைச் சொல்லிக் கேலி செய்வதையும், மனம் நோகும் நக்கலையும் பெயர் சொல்லியே மனத் துன்புறுத்தலில் சேர்க்கிறது.

நிலா அம்மா: என் மகள் ஏழாவது. அவள் 'ழ' உச்சரிப்பை மிஸ் அப்படியே பேசிக் காட்டுகிறாராம். "நீ வந்து கேட்டா இன்னும் அதிகமாப் பண்ணுவாங்கம்மா" என்கிறாள்.

ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர்: அவள் பயம் நியாயமானதுதான். மிஸ்ஸைத் தனியாகப் பாருங்கள். "கிண்டல் பண்றீங்களாமே" என்று பொதுவாகக் கேட்டால் "சும்மா விளையாட்டுக்கு" என்று பதில் வரும். சொன்ன வார்த்தையையும், அன்றிலிருந்து மகள் வாய்விட்டு வாசிப்பதை நிறுத்தியிருந்தால் அதையும் சொல்லுங்கள். மன்னிப்பு என்று வந்தால் அது வகுப்பு முன்னால் வரவேண்டும், ஏனென்றால் கேலி நடந்ததும் அங்கேதான்.

தாமிரபரணி: அதில்தான் எனக்குத் தயக்கம், டீச்சர். எங்கள் சார் வகுப்பில் வைத்து மன்னிப்புக் கேட்டிருந்தால், இட்லிக் கடை பேச்சு இன்னொரு தடவை எழுந்திருக்கும்.

நிலா அம்மா: மகளிடம் மறுபடி பேசிப் பார்த்தேன். பெற்றோர் கூட்டம் வரை பொறு என்கிறாள். பொறுப்பதா வேண்டாமா என்று இன்னும் முடிவுக்கு வரவில்லை.