[கலைச்சொல்] விலா எலும்பு முறிவுக் கையேடு: மூன்று பந்துக் கருவிக்கு ஒரு பெயர் வேண்டும்

மங்கை எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். வழுக்கி விழுந்து விலா எலும்பு முறிந்த முதியவர்கள் வீட்டுக்கு எடுத்துச் செல்லும் கையேடு ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. நோயாளி கையில் கொடுக்கப்படும், மூன்று பந்துகள் கொண்ட மூச்சுப் பயிற்சிக் கருவிக்கு முன்வரைவில் 'ஊக்க மூச்சுமானி' என்று இருக்கிறது. அது யாருக்கும் விளங்கவில்லை. வார்டில் எல்லோரும் 'பந்து ஊதுற மெஷின்' என்கிறார்கள். எதை அச்சிடலாம்?

கதிரேசன் எழுதியது:

தொல்காப்பியப் பிறப்பியலே உந்தியிலிருந்து எழும் காற்றை 'வளி' என்கிறது. எனவே 'வளியூதி' என்று ஆளலாம். 'மெஷின்' தேவையில்லை. 'உயிர்ப்பு' என்ற சொல்லும் நமக்கு உண்டு. அதை ஏன் கைவிட்டோம் என்று தனி இழையில் எழுதுகிறேன்.

பூங்குழலி எழுதியது:

ஐயா, தங்கள் சொல்லில் 'ஊதி' இருப்பதுதான் சிக்கல், ஏனெனில் அந்தக் கருவியை நிமிர்த்திப் பிடித்து ஊதினால் பந்து எழாது. மூச்சை உள்ளே இழுத்தால்தான் எழும். வார்டுப் பெயரை நம்பி ஊதிப் பார்த்துவிட்டு, கருவி பழுது என்று மூலையில் வைத்தவர்களைப் பிசியோதெரபி பிரிவில் பலமுறை கண்டிருக்கிறேன்.

முறிந்த விலா ஒவ்வொரு மூச்சிலும் அசைவதால், வலிக்குப் பயந்து மனிதர் மேலோட்டமாகவே மூச்சு விடுகிறார், இருமலையும் அடக்குகிறார். அப்போது நுரையீரலின் அடிப்பகுதிக் காற்றறைகள் விரியாமல் சுருங்கிவிடுகின்றன. வெளியேறாத சளி அங்கே தேங்கி, கிருமி பெருகி, நிமோனியா ஆகிறது. வயதானவர்களுக்கு மார்புக்கூடு இறுகியும் இருமும் வலு குறைந்தும் இருப்பதால் இது விரைவாக நடக்கும். 2000ஆம் ஆண்டில் சியாட்டிலிலிருந்து வெளியான ஆய்வொன்றில், 65 வயதைத் தாண்டியவர்களுக்கு முறிந்த விலா ஒவ்வொன்று கூடும்போதும் நிமோனியா வாய்ப்பு 27 விழுக்காடு உயர்ந்தது.

குளியலறையில் விழுந்து இடப்பக்கம் மூன்று விலாக்கள் முறிந்த 74 வயது அம்மா ஒருவருக்கு, வலித்தால் மட்டும் போடுமாறு பாராசிட்டமால் கொடுத்திருந்தார்கள். அசையாமல் படுத்திருந்தால் வலிக்கவில்லை, ஆகவே அவர் போடவில்லை. மறுநாள் ஒரு பந்தைக்கூட எழுப்ப முடியவில்லை, இருமச் சொன்னால் தொண்டையை மட்டும் செருமினார். மாத்திரையை நேரம் தவறாமல் கொடுத்து, அதுவும் போதாமல் விலா நரம்புகள் மரத்துப்போக ஊசி போட்ட பின்புதான் ஒரு பந்து எழுந்து நின்றது, சளியும் வெளிவந்தது.

சண்முகம் எழுதியது:

என் மாமியாருக்கு அந்தக் காலத்தில் மார்பைச் சுற்றி இறுக்கமாகக் கட்டுப் போட்டார்கள். 'விலாக்கட்டு' என்ற நல்ல சொல் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு? மேலும் வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதையும் கையேட்டில் எழுதுங்கள்.

பூங்குழலி எழுதியது:

அண்ணா, கேட்கப்பட்டது கட்டுக்கான பெயர் அல்ல. அந்தக் கட்டும் இப்போது போடப்படுவதில்லை. அது மார்பை விரியவிடாமல் தடுத்து, நாம் அஞ்சும் அதே நிலையைத்தான் உண்டாக்கும். இருமும்போது மட்டும் தலையணையை விலாவோடு அணைத்துக்கொண்டால் போதும். சிறுநீரகம் பற்றிய எச்சரிக்கை டைக்ளோஃபினாக் வகை மாத்திரைகளுக்குப் பொருந்தும், உரிய அளவிலான பாராசிட்டமாலுக்குப் பொருந்தாது. மார்ஃபின் வகை மருந்துகளில் வேறு இடர் உண்டு: அளவு மிஞ்சினால் தூக்கக் கலக்கத்தில் மூச்சும் இருமலும் மந்தமாகும்.

மங்கைக்கு இன்னொன்று. 'மானி' என்பதையும் விட்டுவிடுங்கள். பந்துகள் காட்டுவது காற்று வரும் வேகத்தை, உள்ளே போன அளவை அல்ல. வெடுக்கென்று உறிஞ்சினால் மூன்றும் எழும், ஆனால் மூச்சு ஆழமாகாது. ஒரே பந்தை மெதுவாக எழுப்பி, முடிந்தவரை நிறுத்தி வைப்பதே பயிற்சி. விழித்திருக்கும்போது மணிக்கு பத்து முறை என்று நாங்கள் சொல்கிறோம். கருவி மட்டுமே நிமோனியாவைத் தடுத்துவிடும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. வலி அடங்கி, ஆழ்ந்து மூச்சிழுத்து, இருமி, எழுந்து நடப்பதுதான் காரியம்.

மங்கை எழுதியது:

அப்படியானால் 'மூச்சிழுப்புக் கருவி' என்று முடிவு செய்யலாமா?

கதிரேசன் எழுதியது:

கூடவே கூடாது. ஊரில் 'இழுப்பு' என்றால் ஆஸ்துமா. பாட்டிமார் தமக்கு ஆஸ்துமா இருப்பதாக எண்ணிக்கொள்வார்கள். ஊதுவதல்ல என்பதை ஏற்கிறேன். 'வளியீர்ப்பி' என்று கொள்க.

பூங்குழலி எழுதியது:

'இழுப்பு' பற்றி ஐயா சொல்வது முற்றிலும் சரி. ஆனால் 'வளியீர்ப்பி' என்று வார்டில் சொன்னால் எனக்கே விளங்காது.

மங்கை எழுதியது:

நால்வர் தனிமடலில் 'உள்மூச்சுக் கருவி'க்கு ஆதரவு தந்திருப்பதால் அதையே அனுப்புகிறேன். முதல் பக்கத்தில் 'ஊதக் கூடாது, உள்ளே இழுக்க வேண்டும்' என்று படத்தின் கீழே பெரிய எழுத்தில் வரும். மூச்சு வாங்குதல், காய்ச்சல், நிறம் மாறிய சளி, புதிய குழப்பம் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் உடனே மருத்துவமனைக்கு வரச் சொல்லும் பத்தியையும், காய்ச்சல் இல்லாமலும் முதியவர்களுக்கு நிமோனியா வரக்கூடும் என்ற வரியோடு சேர்த்துவிட்டேன்.

கதிரேசன் எழுதியது:

என் மறுப்பைப் பதிவு செய்க. 'உள்மூச்சு' பெயர்தானே, அதில் வினை எங்கே?