ரெய்லி ஈவை நகர்வாக வைத்த நேர்மாறு மீள்செயல்: முப்படி வேகம் வரவேண்டிய இடத்தில் இருபடிதான் வருகிறது

கொக்குவில்_பிள்ளை

வணக்கம். பொறியியல் மூன்றாம் வருடம் படிக்கிறேன். இரண்டு மாடிக் கட்டடம் ஒன்றின் அதிர்வைக் கணிக்கும் ஒப்படை. எண்களை எளிதாக்கி எடுத்திருக்கிறேன்: கீழ்த்தளத் திணிவு 2, மேல்தளத் திணிவு 1. கீழ்த்தூண்களின் விறைப்பு 2, மேல்தூண்களின் விறைப்பு 1. கையால் செய்தால் ஐகன் பெறுமானங்கள் 0.5, 2 என்று வரும். காவிகள் (1, 2), (1, -1).

```python
K = np.array([[3., -1.], [-1., 1.]])
M = np.diag([2., 1.])
A = np.linalg.inv(M) @ K
x = np.array([2., 3.])
for i in range(4):
    rho = (x @ A @ x) / (x @ x)
    print(i, rho, abs(rho - 0.5))
    x = np.linalg.solve(A - rho*np.eye(2), x)
    x = x / np.linalg.norm(x)
```

வழு இப்படிக் குறைகிறது: 0.038, 0.0015, 1.5e-6, 1.5e-12. சரியான இலக்கங்கள் படிக்குப் படி இரண்டு மடங்காகின்றன. சமச்சீர் தாயம் என்றால் மூன்று மடங்காகும் என்றுதானே படித்தோம்? K சமச்சீர், M மூலைவிட்டத் தாயம். இரண்டிலும் குறை தெரியவில்லை. என்னோடு படிக்கும் ஒருத்தி இதே நிரலில் இரண்டு திணிவையும் 1 என்று வைத்து ஓடவிட்டாள். அவளுக்கு மூன்று மடங்கு வருகிறது.

இன்னொன்றும் விளங்கவில்லை. (1, 1) என்று தொடங்கினால் முதல் படியிலேயே `LinAlgError: Singular matrix` என்று நின்றுவிடுகிறது. (1, 1) ஐகன் காவியே இல்லையே?

---

நல்லூர்_வடக்கு

இது நேர்மாறு மீள்செயலில் எப்போதும் வருகிற சிக்கல். ρ ஐகன் பெறுமானத்தை நெருங்க நெருங்க A - ρI தனித்தாயத்துக்குக் கிட்டப் போகிறது. அந்தச் சமன்பாட்டைத் தீர்க்கும்போது இலக்கங்கள் அழிந்துவிடும், அதனால்தான் வேகம் குறைகிறது. இரண்டாம் படிக்குப் பிறகு ρ-வை மாற்றாமல் அப்படியே நிறுத்தி வையுங்கள். தாயத்தை ஒரே தடவை காரணிப்படுத்தினால் போதும், பிழைச் செய்தியும் வராது.

---

சுன்னாகம்_சிவில்

எனக்கும் இதே பிரச்சினைதான். தண்ணீர்த் தாங்கி ஒன்றுக்குச் செய்கிறேன், எனக்கு வேண்டியது மிகக் குறைந்த அதிர்வெண். மேலே ஏறிப் போய் வேறொரு வடிவத்தில் உட்கார்ந்துவிடுகிறது. உங்கள் உதாரணத்திலும் (1, 0) என்று தொடங்கிப் பாருங்கள், 0.5 வராது, 2-தான் வரும். இந்த முறையை நம்பலாமா?

---

பரமேஸ்வராச்_சந்தி

பிள்ளை, உங்கள் நிரல் அச்சிட்ட முதல் ρ எவ்வளவு? (2, 3)-க்கு 0.4615 வந்திருக்க வேண்டும். மிகச்சிறிய ஐகன் பெறுமானம் 0.5. சமச்சீர் தாயத்தின் ரெய்லி ஈவு மிகச்சிறிய ஐகன் பெறுமானத்துக்குக் கீழே ஒருநாளும் இறங்காது. இறங்கியிருக்கிறது என்றால், உள்ளே போன தாயம் சமச்சீர் இல்லை. A-யை அச்சிட்டுப் பாருங்கள்: மேல் வரி 1.5, -0.5. கீழ் வரி -1, 1. M-இன் நேர்மாறும் சமச்சீர், K-யும் சமச்சீர், ஆனால் பெருக்கினால் சமச்சீர் போய்விட்டது. உங்கள் தோழிக்கு இரண்டு திணிவும் ஒன்று என்பதால் A-யும் K-யும் ஒன்றேதான். அதனால்தான் அவளுக்கு மூன்று மடங்கு.

இது வேகத்தை ஏன் கெடுக்கிறது என்பதைக் கையாலேயே பார்த்துவிடலாம். எந்தத் தொடக்கக் காவியையும், நீளத்தை விட்டுவிட்டால், (1, 2) + t(1, -1) என்று எழுதலாம். (2, 3) என்பது t = 0.2. t பூச்சியத்துக்குப் போனால் வேலை முடிந்தது. ஒவ்வொரு படியிலும் நேர்மாறு மீள்செயல் இந்த t-யை (0.5 - ρ)/(2 - ρ) என்பதால் பெருக்குகிறது. ஆகவே ρ எவ்வளவு கிட்ட இருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

உங்கள் சூத்திரத்தில் ρ-வின் வழு ஏறத்தாழ -0.3t. (1, 2), (1, -1) இரண்டையும் சாதாரணமாகப் புள்ளிப் பெருக்கினால் -1 வருகிறது, பூச்சியம் வரவில்லை. அந்தக் குறுக்கு உறுப்புத்தான் t-யை முதலாம் படியிலேயே ஈவுக்குள் கொண்டுவருகிறது. விரித்துச் சுருக்கினால்

புதிய t = t²(1 - 2t)/(5 - t)

என்று வரும். t² முன்னுக்கு நிற்கிறது, அதனால் இருபடி. 0.2 போட்டால் 0.005, அடுத்தது ஏறக்குறைய 5e-6. உங்கள் எண்களோடு பொருந்தும்.

இப்போது ஈவைத் திணிவோடு எடுங்கள்: ρ = xᵀKx / xᵀMx. திணிவைப் பெருக்கிப் பார்த்தால் 2·1·1 + 1·2·(-1) = 0, காவிகள் இரண்டும் செங்குத்து. குறுக்கு உறுப்பு மறைந்துவிடுகிறது. ρ - 0.5 = 1.5t²/(2 + t²). வழு t-யில் இல்லை, t²-இல் இருக்கிறது: ஈவு அந்த இடத்தில் கிண்ணத்தின் அடிபோலத் தட்டையாக இருக்கிறது. பெருக்கினால்

புதிய t = -t³/2

இந்தக் கணக்கில் இது அண்ணளவு இல்லை, சரியாகவே இவ்வளவுதான். ஒரு t காவியிலிருந்து வருகிறது, இரண்டு t ஈவிலிருந்து வருகின்றன. சமச்சீர் தருவது அந்த இரண்டாவது t-யைத்தான்.

(1, 1) கதையும் இதுவே. அது t = 0.5. மேலே (1 - 2t) பூச்சியமாகிறது, அதாவது காவி பிழையாக இருக்கும்போதே உங்கள் ρ தற்செயலாகச் சரியாக 0.5-இல் விழுந்துவிட்டது. திணிவோடு எடுத்தால் அதே காவிக்கு ρ = 2/3, நிரல் நிற்காது.

மாற்ற வேண்டியது இவ்வளவு:

```python
rho = (x @ K @ x) / (x @ M @ x)
x = np.linalg.solve(K - rho*M, M @ x)
x = x / np.sqrt(x @ M @ x)
```

உண்மையில் முதல் வரியை மட்டும் மாற்றினாலே முப்படி வந்துவிடும், ஏனென்றால் இரண்டாம் வரியின் சமன்பாடு உங்களுடைய பழைய சமன்பாடுதான். ஆனாலும் K - ρM என்று வைத்திருந்தால் சமச்சீர் கெடாது. பெரிய தாயத்துக்கு அது பிறகு உதவும்.

---

நல்லூர்_வடக்கு

சேர், A சமச்சீர் இல்லை என்பதை நான் பார்க்கவில்லை, சரி. ஆனால் தனித்தாயத்துக்குக் கிட்டப் போவது உண்மைதானே? அதை எப்படி விடுவது?

---

பரமேஸ்வராச்_சந்தி

கிட்டப் போவது உண்மை. ஆனால் தீர்வில் வருகிற பெரிய வழு எந்தத் திசையில் வருகிறது என்று பாருங்கள். நாங்கள் தேடுகிற ஐகன் காவியின் திசையிலேயே வருகிறது. நீளத்தைச் சீராக்கும்போது அது போய்விடும். பீற்றர்சும் வில்க்கின்சனும் 1979-இல் இதை விரிவாக எழுதித் தெளிவாக்கினார்கள். பயப்பட வேண்டியது காரணிப்படுத்தும்போது ஒரு பிவட் சரியாகப் பூச்சியமாகும்போது மட்டும். அப்போது ρ-வைக் கடைசி இலக்கத்தில் மிகச்சிறிதாக அசைத்துவிட்டுத் தொடரலாம்.

ρ-வை நிறுத்தி வைத்தால் என்ன நடக்கும் என்றும் பாருங்கள். திணிவோடு எடுத்த முதல் ρ 0.5294. அதிலேயே நிறுத்தினால் t ஒவ்வொரு படியிலும் -0.02-ஆல் பெருகும்: 0.2, -0.004, 0.00008. கெட்டது என்று சொல்லமாட்டேன், ஆனால் அது ஒருபடி ஒருங்கல். உங்கள் யோசனைக்கு இடம் இருக்கிறது: தாயம் பெரிதாகி, ஒவ்வொரு படியிலும் புதிதாகக் காரணிப்படுத்துவது பாரமாகும்போது. இரண்டு வரித் தாயத்துக்கு அது தேவையில்லை.

---

கொக்குவில்_பிள்ளை

ஓடவிட்டேன் சேர். 0.0294, 1.2e-5, பிறகு 7.7e-16-க்குக் கிட்ட. அதற்கு மேல் இரட்டைத் துல்லியத்தில் எதுவும் தெரியவில்லை. மூன்று எண்ணை வைத்து முப்படி என்று எழுத மனம் வரவில்லை, அதனால் mpmath-இல் `mp.dps = 60` என்று வைத்துத் திரும்ப ஓட்டினேன். அடுத்தது 2.0e-46. இலக்கங்கள் 5, 15, 46 என்று போகின்றன. அறிக்கையில் இதையே போடுகிறேன். பழைய ρ 0.5-க்குக் கீழே இறங்கியதையும் போடுகிறேன், அது கண்முன்னே இருந்தது.

ஒரு கேள்வி. தணிப்பும் சேர்ந்து உண்மையாகவே சமச்சீர் இல்லாத தாயம் வந்தால் முப்படியை விட்டுவிட வேண்டியதுதானா?

---

பரமேஸ்வராச்_சந்தி

சாதாரண ஈவோடு என்றால் இருபடிதான். ஒசுத்திரோவ்ஸ்கி 1950-களின் கடைசியில் இதற்கு வழி சொன்னார்: வலப்பக்கக் காவியோடு இடப்பக்கக் காவியையும் சேர்த்துக் கொண்டுபோய், ஈவை இரண்டிலிருந்தும் எடுப்பது. நன்றாக நடந்தால் முப்படி திரும்பி வரும். ஆனால் ஒவ்வொரு படியிலும் நிலைமாற்றுத் தாயத்தோடு இன்னொரு தீர்வு வேண்டும். இரண்டு காவிகளும் ஒன்றுக்கொன்று ஏறத்தாழச் செங்குத்தாகிவிட்டால் ஈவின் கீழ்ப்பகுதி பூச்சியத்துக்குப் போய்விடும். சமச்சீரில் இருக்கிற உத்தரவாதம் அங்கே இல்லை.

சுன்னாகம் தம்பிக்கு: உங்கள் கேள்வி வேறு, ஆனால் நல்ல கேள்வி. (1, 0) என்பது t = 2. மேலே உள்ள -t³/2-இல் போட்டால் -4, பிறகு 32. ஓடிவிடும், அதனால் 2-இல் போய் நிற்கிறது. இந்தக் கணக்கில் எல்லை t = √2. சரியாக அதில் தொடங்கினால் ρ 1.25-இலேயே நிற்க, காவி இரண்டு திசைக்கு நடுவே மாறி மாறித் திரும்பிக்கொண்டிருக்கும். கணினியில் வட்டமாக்கல் வழு அதிலிருந்து தள்ளிவிடும். முறையை நம்பலாம், ஆனால் அது எதைத் தேடும் என்பதை அதனிடமே விடக்கூடாது. முதலில் நகர்வு இல்லாமல் ஒன்றிரண்டு படி போங்கள். நகர்வு பூச்சியமாக இருக்கும்போது t நான்கில் ஒன்றாகிறது, ஆகவே 2 என்பது 0.5 ஆகும். அதன்பிறகு ரெய்லி ஈவுக்கு மாறினால் 0.5-க்கே போகும்.

---

நல்லூர்_வடக்கு

அப்படியென்றால் தொடக்க ρ எந்த ஐகன் பெறுமானத்துக்குக் கிட்ட இருக்கிறதோ அதற்குத்தான் போகும், இல்லையா?

---

பரமேஸ்வராச்_சந்தி

இரண்டு வரித் தாயத்தில் ஓம். மூன்று வரியிலிருந்தே அது உறுதியில்லை, பக்கத்தில் இருப்பதைத் தாண்டி வேறொன்றுக்குப் போகலாம். அதனால் முடிவில் சரிபார்க்க வேண்டும்: கிடைத்த ρ-வுக்குச் சற்றுக் கீழே ஒரு σ எடுத்து K - σM-ஐ LDLᵀ ஆகக் காரணிப்படுத்துங்கள். D-யில் எத்தனை மறை எண்ணோ அத்தனை ஐகன் பெறுமானங்கள் σ-வுக்குக் கீழே உள்ளன. பூச்சியம் என்று வந்தால் உங்களுடையதுதான் மிகக் குறைந்தது. K - ρM-ஐச் சமச்சீராக வைத்திருங்கள் என்றது இதற்கும் சேர்த்துத்தான்.

---

சுன்னாகம்_சிவில்

நகர்வு இல்லாமல் சில படி போய்விட்டு மாற்றினேன். கீழே வந்துவிட்டது, மறை எண்ணும் இல்லை. ஆனால் இப்போது வேறு ஒன்று. தாங்கியின் தூண்கள் நான்கும் சதுரமாக நிற்கின்றன. தொடக்கக் காவியை மாற்றும்போதெல்லாம் ρ அதேதான் வருகிறது, காவி மட்டும் வேறு வேறு திசையில் சாய்கிறது. சில தொடக்கங்களில் முதல் சில படிகள் ஊர்ந்துதான் போகின்றன.

---

பரமேஸ்வராச்_சந்தி

சதுரம் என்றால் இரண்டு பக்கமும் ஒரே அதிர்வெண்ணில் ஆடும். அந்தத் தளத்தில் உள்ள எந்தக் காவியும் ஐகன் காவிதான், தொடக்கம் எதைக் காட்டுகிறதோ அது வரும். ஊர்ந்து போவது அதனால் இல்லை. வேறொரு பெறுமானம் கிட்ட இருந்தால், ρ அந்த இடைவெளிக்குள் நுழையும் வரை முப்படி தொடங்காது. முறுக்கு வடிவமாக இருக்கலாம் என்பது என் ஊகம். ρ-வுக்குச் சற்று மேலே ஒரு σ வைத்து மறை எண்களை எண்ணுங்கள். இரண்டு வருகிறதா, மூன்று வருகிறதா?

---

சுன்னாகம்_சிவில்

σ-வை ρ-வைவிட நூற்றுக்கு ஒன்று கூட்டி வைத்தால் இரண்டு. நூற்றுக்கு ஐந்து கூட்டினால் மூன்று. மூன்றாவதின் வடிவத்தை இன்னும் வரைந்து பார்க்கவில்லை.