எகிப்து கைவிட்டுப் போனது மகள் காலத்திலா, அப்பா காலத்திலா?

செல்வி: கிளியோபாட்ரா காதலில் மயங்கி நாட்டைக் கோட்டைவிட்டாள் என்றுதான் படித்தோம். எகிப்து உண்மையில் எப்போது கைவிட்டுப் போனது?

கதிரவன்: கி.மு. 30. முந்தைய ஆண்டு கிரேக்கக் கரையில் உள்ள ஆக்டியத்தில் அவள் கடற்படை ரோமிடம் தோற்றது, அடுத்து அலெக்சாண்டிரியா விழுந்தது. அதுவரை சொந்த அரசர், சொந்தக் கஜானா. ரோமானியத் தளபதி ஆண்டனியை நம்பியதுதான் பிழை.

நீலமேகம்: ஆண்டு சரி. ஆனால் முடிச்சு அவள் அப்பா 12ஆம் டாலமி காலத்தில் விழுந்தது. முந்தைய அரசர் ஒருவர் எகிப்தை ரோமுக்கே எழுதிவைத்துவிட்டார் என்று ஓர் உயில் பேச்சு ரோமில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பயத்தில் கி.மு. 59இல் ரோமின் பெருந்தலைகளான சீசருக்கும் பாம்பேக்கும் சுமார் 6,000 தாலந்து வெள்ளி கொடுத்து, 'ரோமின் நண்பன்' என்ற பட்டத்தை வாங்கினார். நாட்டின் ஓராண்டு வருமானமே ஏறக்குறைய அவ்வளவுதான். மறு ஆண்டே அவர் தம்பி ஆண்ட சைப்ரஸை ரோம் எடுத்துக்கொண்டது. தம்பி விஷம் குடித்தார், அண்ணன் வாய் திறக்கவில்லை. வரியாலும் நொந்திருந்த அலெக்சாண்டிரியா மக்கள் அவரைத் துரத்திவிட்டார்கள்.

அப்புறம் ரோமில் உட்கார்ந்து கடன் வாங்கினார். 10,000 தாலந்து பேச்சில் சிரியாவின் ரோமானிய ஆளுநர் கபினியஸ் படையோடு வந்து கி.மு. 55இல் அவரை மறுபடி அரியணையில் ஏற்றினார். கடன் கொடுத்த ரபீரியஸ் என்ற ரோமானியரே எகிப்தின் நிதி அமைச்சர் ஆனார், கிரேக்க உடை போட்டுக்கொண்டு!

பானு: படிக்கும்போதே வயிறு எரிகிறது. எங்கள் தாத்தா அரிசி ஆலைக்குக் கடன் வாங்கினார். கொஞ்ச நாளில் கடன்காரரின் மைத்துனர் கல்லாவில் வந்து உட்கார்ந்தார். பெயர்ப்பலகையில் மட்டும் தாத்தா பெயர். அன்றைக்கே ஆலை போய்விட்டது என்றுதான் பாட்டி சொல்வார்.

கதிரவன்: பானு அக்கா, அந்த ரபீரியஸ் நிலைக்கவில்லையே. கெடுபிடி தாங்காமல் மக்கள் எழுந்ததும் தப்பி ஓடினார். ரோமில் அவர் மேல் வழக்கு நடந்தது, அவருக்காகச் சிசரோ வாதாடினார். கிளியோபாட்ரா சைப்ரஸையே திரும்பப் பெற்றாள். ஆலை போயிருந்தால் இது நடக்குமா?

நீலமேகம்: திரும்பப் பெற்றாள், சரி. கொடுத்தது யார்? சீசரும் ஆண்டனியும். கி.மு. 48இல் சீசர் அலெக்சாண்டிரியாவில் இறங்கியதும், அப்பா வைத்த பாக்கியில் ஒரு கோடி திராக்மா கேட்டார். அப்பாவின் உயிலோ, பிள்ளைகளின் பட்டத்துக்கு ரோம் மக்களையே காவலாக வைத்திருந்தது. ஆண்டனியை நம்பியது பிழை என்கிறீர்கள். யாரோ ஒரு ரோமானியரை நம்பாமல் அவளுக்கு வேறு வழி இருந்ததா?

செல்வி: மக்களும் ரோமுக்குப் பயந்துதான் இருந்தார்களா?

நீலமேகம்: பயம் இருந்தது, அடங்கிவிடவில்லை. அரசர் அந்தப் பட்டத்துக்காக அலைந்த நாட்களில் ஒரு ரோமானியன் தெரியாமல் ஒரு பூனையைக் கொன்றுவிட்டான். கூட்டம் அவன் வீட்டுக்கே போனது. விட்டுவிடுங்கள் என்று கெஞ்ச அரசர் அதிகாரிகளை அனுப்பினார். பலிக்கவில்லை, கொன்றுவிட்டார்கள். அங்கே போயிருந்த கிரேக்க வரலாற்றாசிரியர் டயடோரஸ் கண்ணால் பார்த்து எழுதியது இது.

கதிரவன்: அதைத்தான் நானும் சொல்கிறேன். அப்படிப்பட்ட ஊரைக் கி.மு. 55இலேயே போனதாக எழுத எனக்கு மனசு வரவில்லை.