வரைபட நோட்டிலிருந்து சாமான் பட்டியல் எடுக்கும் வேலைக்குத் தமிழில் என்ன சொல்?

தலவாக்கலை, தேயிலைத் தொழிற்சாலை வேலைத்தள எழுத்தர்:

வணக்கம். இங்கே கொழுந்து வாட்டும் ட்ரஃபுக்கு இரும்புக் கால் மாற்றுகிறோம். வரைபடத்தின் ஓரத்தில் இருக்கும் நோட்டுகளைப் படித்து, கடைக்குப் போகும் பட்டியலாக எழுதுவது என் வேலை. புதிதாகச் சேர்ந்த இரண்டு பிள்ளைகளுக்கு அதைத் தமிழில் எழுதிக் கொடுக்கலாமென்று உட்கார்ந்தால், இந்த வேலைக்கே ஒரு பெயர் இல்லை. இப்போதைக்கு 'குறிப்புப் பிரித்தெடுப்பு' என்று வைத்திருக்கிறேன். நோட்டுகள் இவை:

```
1. LEGS 50x50x6 MS ANGLE, 1250 LG, 28 NOS
2. M12x40 BOLT C/W NUT & 2 WASHERS, 4 PER LEG
3. 2 COATS RED OXIDE
4. FAN EXISTING
5. 2 OFF
```

நான் எழுதியது: ஆங்கிள் 35 மீற்றர், போல்ட் 112, ரெட் ஒக்சைட் 2, ஃபேன் 1. சொல்லோடு சேர்த்துக் கணக்கையும் பாருங்கள்.

நுவரெலியா, விஞ்ஞான ஆசிரியை:

பிள்ளைகள் குறிப்பு எடுப்பதற்கு 'குறிப்பெடுத்தல்' என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறதே, புதிதாக எதற்கு? 'பிரித்தெடுப்பு' வேண்டாம். எங்கள் இரசாயனவியல் பாடத்தில் அது கலவையிலிருந்து ஒரு பதார்த்தத்தை வெளியே எடுப்பது.

பண்டாரவளை, ஓய்வுபெற்ற வரைவாளர்:

டீச்சர், தம்பி கேட்பது வகுப்பில் எடுக்கும் குறிப்பைப் பற்றி அல்ல. ஆனால் 'பிரித்தெடுப்பு' பொருந்தாது என்று நீங்கள் சொன்னது சரி. இரசாயனத்தில் உள்ளே இருப்பதுதான் வெளியே வரும். இங்கே பட்டியலில் வரும் எண் நோட்டில் இருக்காது.

தம்பி, கடைசி நோட்டைப் பாருங்கள். `2 OFF` என்றால் எதையும் நிறுத்தச் சொல்லவில்லை, கழிக்கவும் சொல்லவில்லை. வெள்ளைக்காரர் காலத்து வழக்கு அது, 'இதுபோல இரண்டு செய்' என்று பொருள். ஐந்தாவது நோட்டு மேலே உள்ள எல்லாவற்றையும் இரண்டால் பெருக்குகிறது. அப்போது கால் 56. அதனால் நோட்டுகளைக் கீழிருந்து மேலே படிக்கச் சொல்லித்தான் பிள்ளைகளைப் பழக்குவேன்.

இரண்டாவது நோட்டு ஒரே வரி, ஆனால் பட்டியலில் அது மூன்று வரி. `C/W` என்றால் 'அதோடு சேர்த்து'. போல்ட் 224, நட்டு 224, வொஷர் 448. நீங்கள் போல்ட்டை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். நட்டு இல்லாத போல்ட்டை வைத்துக்கொண்டு ஃபிட்டர் என்ன செய்வார்?

மூன்றாவதில் உள்ள 2 லீற்றர் அல்ல, இரண்டு பூச்சு. அதில் வாங்கும் அளவே கிடையாது, நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். இந்த ஆங்கிளில் ஒரு மீற்றருக்கு மேற்பரப்பு ஏறக்குறைய 0.2 சதுர மீற்றர். 56 காலும் சேர்த்து 70 மீற்றர் என்றால் 14 சதுர மீற்றர், இரண்டு பூச்சுக்கு 28. டின்னில் லீற்றருக்கு 10 சதுர மீற்றர் என்று போட்டிருந்தால் 2.8 லீற்றர் வேண்டும். ஆகவே 4 லீற்றர் டின் ஒன்று வாங்க வேண்டும்.

நான்காவது நோட்டு ஒன்றையும் வாங்கச் சொல்லவில்லை. ஃபேன் ஏற்கெனவே இருக்கிறது. இருந்தாலும் அந்த நோட்டைப் பட்டியலிலிருந்து அடிக்காதீர்கள். எதிரே 'வாங்க வேண்டாம்' என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் யாராவது விட்டுப்போனதென்று நினைத்துச் சேர்த்துவிடுவார்கள்.

இப்படி ஒரு நோட்டு மூன்றாகிறது, ஒன்று எல்லாவற்றையும் பெருக்குகிறது, இன்னொன்றுக்கு எதையும் வாங்கவே வேண்டாம். எனவே 'விரித்தெடுப்பு' என்று சொல்லிப் பார்க்கிறேன். சுருங்கிக் கிடப்பதை விரித்து எடுக்கிறோம்.

கண்டி, கணிய அளவையியல் மாணவி:

விரித்தெடுப்பு எனக்கும் பிடித்திருக்கிறது, ஆனால் எங்கள் துறைக்காரருக்கு 'கணியமெடுப்பு' உடனே புரியும். கணியம் என்ற சொல்லை இங்கே பள்ளிக்கூடத்திலேயே படித்துவிடுகிறோம். ஆங்கிளுக்கு மீற்றரை எழுதிப் பத்து வீதம் கழிவு சேர்த்தால் போதும். 70 மீற்றர் 77 ஆகும், 6 மீற்றர் லெங்த்தில் 13 வாங்கலாம்.

பண்டாரவளை, ஓய்வுபெற்ற வரைவாளர்:

கழிவு சேர்க்க வேண்டும் என்பது சரி, மகள். ஆனால் 13 வாங்கினால் 4 கால் குறையும். 6 மீற்றர் லெங்த்தில் 1.25 மீற்றர் கால் 4தான் வெட்ட முடியும். மீதி ஒரு மீற்றர் துண்டு, அதை எப்படி வைத்தாலும் ஐந்தாவது கால் வராது. 13 லெங்த்துக்கு 52 கால், நமக்கு வேண்டியது 56. அப்போது 14 வாங்க வேண்டும். லெங்த்தில் ஆறில் ஒரு பங்கு துண்டாக விழுகிற இடத்தில் பத்து வீதம் எப்படிப் போதும்? ஒரே ட்ரஃபாக இருந்தால் உங்கள் கணக்கில் 38.5 மீற்றர், மேலே முழுமையாக்கினால் 7 லெங்த். அது சரியான விடைதான், அதனால்தான் தவறு கண்ணில் படுவதில்லை.

கழிவு வீதம் மணலுக்கும் சீமெந்துக்கும் ஓடும். துண்டாக வெட்டுகிற சாமானுக்கு, ஒரு லெங்த்தில் எத்தனை துண்டு என்று முதலில் எண்ண வேண்டும்.

ஹட்டன் பக்கத்துத் தோட்டத்து வெல்டர்:

ஐயா சொல்வதோடு என் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போன வருசம் எங்களுக்கு 1150 மில்லிமீற்றரில் 20 கால். 6 மீற்றரில் 5 வரும் என்று 4 லெங்த்துக்கு எழுதிக் கொடுத்தோம். கணக்கு சரிதான். ஆனால் சின்ன லொறி, வளைவுகளில் 6 மீற்றர் இரும்பை வைத்துக்கொண்டு திரும்ப முடியாது என்று கடையிலேயே பாதியாக வெட்டி ஏற்றிவிட்டார்கள். 3 மீற்றரில் 2 கால், மீதி 700 மில்லிமீற்றர் துண்டு. 8 பாதியில் 16 கால்தான் கிடைத்தது. 4 காலுக்காக இன்னொரு லெங்த் வாங்க, மழையில் ஒருநாள் போனது. இப்போது 'கடையில் வெட்ட வேண்டாம்' என்றோ, வெட்டினால் எங்கே வெட்டுவது என்றோ பட்டியலிலேயே எழுதுகிறோம். இதற்கும் ஒரு சொல் கொடுங்கள்.

கண்டி மாணவி:

சரி, ஒப்புக்கொள்கிறேன். அப்புறம், இதில் ஒரு கணியம் இல்லை, இரண்டு இருக்கிறது. வரைபடம் கேட்பது ஒன்று, கடையில் வாங்குவது இன்னொன்று. 'தேவைக் கணியம்', 'கொள்வனவுக் கணியம்' என்று இரண்டு பத்தி போடலாம். தேவை 70 மீற்றர், கொள்வனவு 14 லெங்த். ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய அலகு பக்கத்தில் இருக்கட்டும். ஒரே பத்தியில் எழுதினால் 70 எதைக் குறிக்கிறது என்று கடைக்காரருக்குத் தெரியாது.

நுவரெலியா ஆசிரியை:

முதல் மடலில் நான் கேள்வியையே தவறாகப் புரிந்துகொண்டேன். இரண்டு பத்தி நல்லது. 'லெங்த்' மட்டும் உறுத்துகிறது, 'கோல்' என்று எழுதலாமே?

ஹட்டன் வெல்டர்:

கோல் என்று எழுதினால் கடைக்காரர் அளவுகோலைத் தருவார் டீச்சர்.

தலவாக்கலை எழுத்தர்:

எல்லோருக்கும் நன்றி. நோட்டைப் பட்டியலாக்கும் வேலைக்கு 'விரித்தெடுப்பு' என்று எழுதிவிட்டேன். பத்திகளுக்கு அக்காவின் இரண்டு சொற்கள். 'கணியமெடுப்பு' வேண்டுமென்றால் கட்டடக்காரர்கள் வைத்துக்கொள்ளட்டும், வேலைத்தளத்தில் அது நாவில் வரவில்லை. லெங்த் இப்போதைக்கு லெங்த்தாகவே இருக்கிறது.

திருத்திய பட்டியலின் முதல் வரி: ஆங்கிள் 50×50×6, கால் 56, தேவை 70 மீற்றர், கொள்வனவு 14 லெங்த், லெங்த்துக்கு 4 கால், வெட்டினால் சரிபாதியில் மட்டும். பாதியில் வெட்டினாலும் பாதிக்கு 2 கால் வரும், அதனால் லொறிக்காரரோடு சண்டை இல்லை. 'வெட்டும் குறிப்பு' என்று கடைசிப் பத்தி ஒன்று சேர்த்திருக்கிறேன், அண்ணன் கேட்ட சொல் அதுவாக இருக்கலாமா? வெட்டாமல் வந்தால் ஒரு மீற்றர் துண்டு 14 மிஞ்சும், பாதியில் வெட்டி வந்தால் அரை மீற்றர் துண்டு 28. அவற்றைக் களஞ்சியத்தில் எந்தப் பெயரில் பதிவது என்று இன்னும் தெரியவில்லை.